வரி முடிந்தது, வாக்கியம் முடியவில்லை

ஒரு தபால் அட்டையோ பழைய கல்யாணப் பத்திரிகையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள நான்கு வரிகளையும் அதனால் மூடிவிட்டு, ஒவ்வொரு வரியாக அட்டையைக் கீழே இறக்கிப் படியுங்கள். இதைக் கவிதை என்று யாரும் கொண்டாட வேண்டாம். விளக்கம் சொல்வதற்காக நானே கட்டிய வரிகள்தான்.

கடைசிப் பேருந்து போய்விட்டது
என்று நினைத்துத் திரும்பியவளின்
பின்னால் ஒலித்தது
ஹாரன்.

முதல் வரியைப் படித்ததும் பேருந்து போயே போய்விட்டது. எழுவாய் இருக்கிறது, வினைமுற்று இருக்கிறது, வாக்கியம் முடிந்துவிட்டது. வாய்விட்டுப் படித்தால் குரல்கூட அங்கே இறங்கிவிடும். அடுத்த வரிக்கு அட்டையை இறக்கினால் ‘என்று’ நிற்கிறது. அந்த ஒரு சொல்லில், நடந்த செய்தி ஒரு பெண்ணின் நினைப்பாக மாறிவிடுகிறது. பேருந்து போகவில்லை, போய்விட்டதாக அவள் நினைத்தாள், அவ்வளவுதான்.

இதையே உரைநடையாக ‘கடைசிப் பேருந்து போய்விட்டது என்று நினைத்துத் திரும்பியவளின் பின்னால் ஹாரன் ஒலித்தது’ என்று எழுதிப் பாருங்கள். செய்தி அதேதான். ஆனால் ‘போய்விட்டது’ என்பதைக் கண் தொடும்போதே பக்கத்தில் ‘என்று’ தெரிந்துவிடுகிறது. பேருந்து போய்விட்டதாக நாம் நம்புவதற்கு நேரமே இல்லை. அந்தப் பெண் நம்பி ஏமாந்தாள், நாம் ஏமாறவில்லை. நான்கு வரியாக எழுதியபோது, வரி முடிந்து கண் திரும்பும் அந்த நொடிக்கும் குறைவான இடைவெளியில் நாமும் அவளோடு சேர்ந்து ஏமாறுகிறோம்.

வாக்கியம் இப்படி ஒரு வரியின் எல்லையைத் தாண்டி அடுத்த வரிக்குள் போவதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘ஆன்ஜாம்ப்மான்’. ஆங்கிலத்தில் அதையே ‘என்ஜாம்ப்மென்ட்’ என்கிறார்கள். ‘ஜாம்ப்’ என்றால் பிரெஞ்சில் கால். காலை எட்டி வைத்துத் தாண்டுவது என்பதுதான் மூலப் பொருள். தமிழில் செய்யுளின் வரிக்கு ‘அடி’ என்றே பெயர் இருப்பதால், ‘அடி தாண்டுதல்’ என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும்.

அடி தாண்டினால் கவிதை வேகம் எடுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. வரி முடியும் இடத்தில் கண் இடப்பக்கம் திரும்பி வர வேண்டியிருப்பதால் ஒரு சிறு தாமதம் உண்டு. அதே இடத்தில், வாக்கியம் முடியாததால் அடுத்த சொல்லைத் தேடும் அவசரமும் உண்டு. தாமதமும் அவசரமும் ஒரே புள்ளியில் மோதுகின்றன. எது ஜெயிக்கும் என்பதை முடிவு செய்வது வரியின் கடைசிச் சொல். நல்ல காலமாக, ஒரு சொல் எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத் தமிழில் பெரும்பாலும் அந்தச் சொல்லின் வாலே சொல்லிவிடும்.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த எச்சங்களை இங்கே கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வரி ‘வந்து’, ‘நினைத்து’ என்று வினையெச்சத்தில் முடிந்தால் இழுவிசை மிதமானது. வினைமுற்று எப்படியும் வரும், ஆனால் உடனே வந்தாக வேண்டும் என்பதில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி ஏறுவது போல, அத்தகைய வரிகள் சீரான நடையில் போகும். ‘திரும்பிய’, ‘காய்ந்த’ என்று பெயரெச்சத்தில் வரி முடிந்தால் கதையே வேறு. பெயர்ச்சொல் இல்லாமல் அது ஒரு கணம்கூட நிற்காது. காய்ந்த என்ன, இலையா, சட்டையா, ஆறா? அங்கே ஓய்வெடுக்க முடியாது, கண் தானாகவே பாய்கிறது. என் எடுத்துக்காட்டின் இரண்டாம் வரி ‘திரும்பியவளின்’ என்று வேற்றுமை உருபோடு முடிவதும் இந்த வகைதான். அவளின் எது என்று தெரிந்தாக வேண்டும்.

மூன்றாம் வரியைப் பாருங்கள். ‘ஒலித்தது’ என்பது வினைமுற்று. முதல் வரியின் ‘போய்விட்டது’ம் வினைமுற்று. ஆனால் முதலாவது கதவைச் சாத்தியது, இது கதவைத் திறந்து வைக்கிறது, ஏனென்றால் எழுவாய் இன்னும் வரவில்லை. ஒலித்தது எது? ஒற்றைச் சொல்லாக ‘ஹாரன்’ வந்து விழும் வரை காது தீட்டிக் காத்திருக்கிறோம். ஆகவே இலக்கணப் பெயரை மட்டும் வைத்து வேகத்தைக் கணக்கிட முடியாது, அந்த இடத்தில் என்ன குறைகிறது என்று பார்க்க வேண்டும். இப்படி எழுவாயைக் கடைசி வரியில் தனியாக உட்கார வைப்பது புதுக்கவிதையில் சலிக்கச் சலிக்கக் கையாண்டு தேய்ந்துபோன உத்தி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பத்துக் கவிதையில் ஒன்பதில் அந்தக் கடைசிச் சொல், அத்தனை காத்திருப்புக்குத் தகுதியாக இருப்பதில்லை.

இன்னொரு விதமாக உடைத்துப் பார்ப்போம். முதல் வரியில் ‘கடைசிப்’ என்பதை மட்டும் நிறுத்தி, ‘பேருந்து போய்விட்டது என்று’ என்பதை இரண்டாம் வரி ஆக்கினால் என்ன ஆகும்? ‘போய்விட்டது’ம் ‘என்று’ம் ஒரே வரிக்குள் வந்துவிட்டதால் ஏமாற்றம் போயிற்று. மாறாக, எந்தப் பலனும் இல்லாத இடத்தில் ஒரு தாண்டல் முளைத்திருக்கிறது. அதோடு தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்கிறது. ‘கடைசிப்’ என்பதன் கடைசியில் மிகும் அந்தப் ‘ப்’ அடுத்த வரியின் முதல் எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சொல்லிப் பாருங்கள், உதடு மூடிக்கொண்டு ‘பே’ வரும் வரை திறக்காது. சந்தி ஒற்றை விட்டுவிட்டு ‘கடைசி’ என்றே வரியை முடித்தால் நிறுத்தம் இயல்பாக வரும். புதுக்கவிதை எழுதுகிறவர்களில் சிலர் வரியின் கடைசியில் ஒற்றைப் போடாமல் விடுவதைப் பிழை என்று திருத்துவதற்கு முன்னால், அங்கே நிறுத்தம் வேண்டியா விட்டார்கள் என்று ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது.

அடி தாண்டுவது ஒரு காலத்தில் சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. பிரான்சில் 1674இல் புவாலோ எழுதிய செய்யுள் இலக்கண நூல், அடி தாண்டாத செய்யுளையே மெச்சியது. 1830 பிப்ரவரி 25 அன்று பாரிஸில் விக்டர் ஹ்யூகோவின் ‘எர்னானி’ நாடகம் அரங்கேறியபோது, முதல் அடியின் கடைசியில் பெயர்ச்சொல்லும் இரண்டாம் அடியின் தொடக்கத்தில் அதன் அடைமொழியுமாகப் பிரிந்து நின்றன. திரை விலகிய சில நொடிகளிலேயே மரபுவாதிகளுக்கு இது சவாலாகப் பட்டது. அரங்கில் இரு தரப்பும் மோதிக்கொண்டதைப் பிரெஞ்சு இலக்கிய வரலாறு இன்றும் ‘எர்னானிச் சமர்’ என்றே குறிப்பிடுகிறது.

இங்கிலாந்தில் சண்டை வேறு மாதிரி. மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ 1667இல் வெளிவந்தது. அதில் எதுகை போன்ற இயைபு கிடையாது, வாக்கியங்கள் அடிக்கு அடி தாண்டி நெடுந்தூரம் ஓடும். அதை உரக்கப் படிக்கும்போது ஓர் அடி எங்கே முடிகிறது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? தெரியும்படி படிப்பவர்கள் மிகச் சிலரே என்று சாமுவேல் ஜான்சன் குறைப்பட்டார். தாமஸ் ஷெரிடன் என்ற நடிகர், உரக்கப் படிக்கும் கலையைப் பற்றி 1775இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் இதற்கு ஒரு வழி சொன்னார். அடியின் கடைசியில் நிறுத்த வேண்டும், ஆனால் குரலை இறக்கவோ ஏற்றவோ கூடாது, சொல் அந்தரத்தில் நிற்பது போலச் சிறிது தாமதித்துவிட்டுத் தொடர வேண்டும் என்றார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கவிஞர் டெனிஸ் லெவர்டோவ் அந்தத் தாமதத்தை ஏறக்குறைய அரைக் கமா என்று அளந்தார். இன்றுவரை எனக்குப் பயன்படுவது இந்த இரண்டு குறிப்புகளையும் சேர்த்ததுதான்: அரைக் கமா நேரம், குரல் இறங்காமல்.

நம் கவியரங்குகளில் இரண்டு தவறுகளும் தாராளமாக நடக்கின்றன. ஒருவர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் முற்றுப்புள்ளி வைத்தது போலக் குரலை இறக்கி நிறுத்துகிறார். ‘திரும்பியவளின்’ என்பதில் போய் அப்படி நிறுத்தினால் வாக்கியம் செத்துவிடும். இன்னொருவர் செய்தி வாசிப்பது போல ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார். கவிஞர் வரி உடைத்ததே வீணாகிறது.

நம்முடைய பழைய பாட்டுகளில் அடி தாண்டாவிட்டால்தான் ஆச்சரியம். குறுந்தொகைப் பாட்டு நான்கு முதல் எட்டு அடி வரைதான், பல பாட்டுகள் முழுவதும் ஒரே வாக்கியம். அடைமொழி மேல் அடைமொழியாக அடுக்கிக்கொண்டே போய், வினைமுற்று பெரும்பாலும் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். ஓலைச்சுவடியில் இதையெல்லாம் அடி பிரித்து எழுதவில்லை, ஒரே ஓட்டமாக எழுதினார்கள். அடி என்பது கண்ணில் படும் சங்கதியாக இல்லை, அடிக்கு நான்கு சீர் என்ற ஓசையும் எதுகை மோனையுமே அடியின் எல்லையைக் காதுக்குக் காட்டின. வாக்கியம் எவ்வளவு தூரம் ஓடினாலும் அடியில் தாளம் நிற்காமல் எண்ணிக்கொண்டிருக்கும். புதுக்கவிதை அந்தத் தாளத்தைக் கைவிட்டதால், வரி உடைவதைச் சொல்லும் வேலை முழுவதும் வெற்றுத் தாளின் மேல் விழுந்துவிட்டது. அதனால்தான் இன்றைய கவிதையில் ஒரு வரியைத் தப்பான இடத்தில் உடைத்தால் காப்பாற்ற வேறு எதுவுமில்லை.

இந்த இடத்தில் என் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று. ஒரு பத்திரிகை என் கவிதையைக் குறுகலான பத்தியில் அச்சிட்டது. நீளமான வரிகள் இடம் போதாமல் தாமாகவே மடிந்து, நான் நினைத்தே பார்க்காத ஏழு இடங்களில் அடி தாண்டின. ஒரு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, அதில் ஒரு தாண்டலை வெகுவாகப் பாராட்டினார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

கைபேசித் திரையில் இது தினமும் நடக்கிறது. வேறுபடுத்துவது எளிது. போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். திருப்பியதும் வரி முடியும் இடம் மாறினால் அது திரையின் வேலை. மாறாமல் அதே சொல்லில் நின்றால் கவிஞரின் வேலை. நல்ல அச்சகத்தில், மடிந்த மிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டிருப்பார்கள். கவிதையை நண்பர்களுக்கு அனுப்புகிறவர்கள் தட்டச்சு செய்து அனுப்பும்போது வரிகளை அப்படியே வைத்து அனுப்புங்கள். இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டு வரியை ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள்.