ராயல்டி எந்த வரியில் ஏறும்?

கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். புது மாடலில் இந்த வருஷம் 10,000 பம்ப் செய்து 8,000 விற்றாயிற்று. 2,000 குடோனில் கிடக்கிறது. ஒரு பம்பின் அடக்கம் என்ன? இரும்பு, செம்புக் கம்பி, கூலி, கரண்ட் எல்லாம் சுலபமாக வந்துவிடும். கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைப்பது ராயல்டியில்தான்.

இங்கே ராயல்டி இரண்டு. வடிவமைப்பைக் கொடுத்தவருக்கு, செய்கிற ஒவ்வொரு பம்புக்கும் 50 ரூபாய். பிராண்ட் பெயர் கொடுத்தவருக்கு, விற்கிற ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய். முதலாவது பம்ப் உருவாகும்போதே பிறக்கிற செலவு. அதனால் மூலப்பொருள், கூலியோடு நேரடிச் செலவாக ஏறும்; குடோனில் உள்ள பம்பின் மதிப்பிலும் அந்த 50 இருக்கும். இரண்டாவது பில் போட்டால்தான் பிறக்கும். அது விற்பனைச் செலவு, சரக்கிருப்பைத் தொடக்கூடாது.

இதை மாற்றிப் போட்டால்? பிராண்ட் ராயல்டி 8 லட்சத்தை உற்பத்தியில் சேர்த்து 10,000 பம்புக்கும் பகிர்ந்தால் தலைக்கு 80 ரூபாய். விற்காத 2,000 பம்பும் 1,60,000 ரூபாயைச் சுமந்துகொண்டு குடோனில் உட்கார்ந்திருக்கும். லாபம் அதே அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். ஆண்டுக் கடைசியில் சரக்கு அதிகம் தேங்கியும் லாபம் நன்றாக வந்திருந்தால், நான் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

உற்பத்திக்கு முந்தைய செலவு வேறு மாதிரி. அச்சு, ஆள் பயிற்சி, சோதனை ஓட்டம் என 6,40,000 ரூபாய் ஆனது. சோதனையில் கெட்ட உருப்படிகள் பழைய இரும்புக்கு 40,000 ரூபாய்க்குப் போயின. அதைக் கழித்தால் மிச்சம் 6 லட்சம். இந்த மாடல் மொத்தம் 30,000 ஓடும் என்று மதிப்பிட்டால் பம்புக்கு 20 ரூபாய். முழுவதையும் முதல் வருஷத்திலேயே போட்டால் 60 ஆகி, டெண்டரே கைநழுவும். மாடல் 10,000-த்தோடு நின்றுபோனால் மீதி 4 லட்சம் நேராக நஷ்டக் கணக்குக்கு. அதை அடுத்த மாடலின் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு, அது தப்பு.

ஆராய்ச்சிக்கும் இதே கேள்விதான்: பலன் யாருக்கு? ஓடுகிற மாடலைத் திருத்தச் செய்தது அந்த மாடலின் உற்பத்திச் செலவு. வரப்போகும் மாடலுக்கானது அது வரும்வரை காத்திருக்கும். தோற்றுப்போன ஆராய்ச்சி அடக்கத்தில் சேராது. லாப நஷ்டக் கணக்கில்தான் எழுதித் தீர்க்க வேண்டும்.

இந்திய காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனம் ஆராய்ச்சிக்கு 18-ஆம் எண், ராயல்டிக்கு 20-ஆம் எண் எனத் தனித்தனித் தரநிலைகளே வைத்திருக்கிறது. அவற்றைப் பிரிக்கும் முன் உங்கள் ராயல்டி ஒப்பந்தத்தை எடுங்கள். தொகை உற்பத்தி எண்ணிக்கைமீதா, விற்பனைமீதா என்று பாருங்கள்.