ரிப்போர்ட் கார்டில் பர்சன்டைல் 65

பள்ளி தரும் ரிப்போர்ட் கார்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ‘பர்சன்டைல் ரேங்க்’ என்று இன்னொரு எண் அச்சாகி வரும்போது, பெற்றோரில் பலர் அதைச் சதவீதமாகவே படித்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்று சொல்வது சதவீதம். தேர்வு எழுதிய பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்தப் பிள்ளைக்குக் கீழே இருக்கிறார்கள் என்று சொல்வது பர்சன்டைல். தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு நூற்றுமானம் என்று பெயர். சதவீதத்தைக் கணக்கிட அந்தப் பிள்ளையின் விடைத்தாள் ஒன்று போதும். பர்சன்டைலுக்கு வகுப்பில் உள்ள எல்லாருடைய மதிப்பெண்ணும் வேண்டும்.

எட்டாம் வகுப்பு ஒன்றில் 40 பேர் கணக்குத் தேர்வு எழுதியதாக வைத்துக்கொள்ளலாம். வினாத்தாள் சற்றுக் கடினம். கயல்விழி என்ற மாணவிக்கு 57 மதிப்பெண். வகுப்பாசிரியர் 40 மதிப்பெண்களையும் கீழிருந்து மேலாக அடுக்குகிறார். 30க்குக் கீழே 4 பேர், 30 முதல் 39 வரை 5 பேர், 40 முதல் 49 வரை 8 பேர், 50 முதல் 56 வரை 9 பேர். ஆக, கயல்விழிக்குக் கீழே 26 பேர். அவளோடு சேர்த்து 57 வாங்கியவர்கள் இருவர். மீதி 12 பேர் அவளுக்கு மேலே. 26ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 65 வருகிறது. கார்டில் மதிப்பெண் 57 என்றும் பர்சன்டைல் 65 என்றும் இருப்பது இப்படித்தான். அவள் 65 சதவீத விடைகளைச் சரியாக எழுதினாள் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த வகுப்பில் 65 சதவீதம் பேரைவிட அவள் அந்தத் தேர்வில் கூடுதலாக வாங்கியிருக்கிறாள், அவ்வளவே.

இந்தக் கணக்கைப் போட ஒரே முறைதான் உண்டு என்பதில்லை. மேலே செய்ததுபோல் தனக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எண்ணுவது ஒன்று. தன் மதிப்பெண்ணும் அதற்குக் கீழும் வாங்கிய எல்லாரையும், தன்னையும் சேர்த்தே எண்ணுவது இன்னொன்று. அப்படி எண்ணினால் கயல்விழிக்கு 40க்கு 28, அதாவது 70. கீழே உள்ளவர்களை முழுதாகவும் சமமாக வாங்கியவர்களைப் பாதியாகவும் எண்ணும் மூன்றாவது முறையில் 67.5. ஒரே விடைத்தாளுக்கு மூன்று எண்கள். மூன்றும் சரிதான். ஆனால் ஒரு பள்ளியின் 65ஐ இன்னொரு பள்ளியின் 70ஓடு ஒப்பிட்டு, அத்தை மகன் முந்திவிட்டான் என்று வருந்துவதற்கு இடமில்லை.

முறை மாறுவதால் முதல் மாணவருக்கு வரும் எண்ணும் மாறும். கீழே உள்ளவர்களை மட்டும் எண்ணும் பள்ளியில், 40 பேரில் தனியாக முதலிடம் பிடித்த மாணவருக்குக் கீழே 39 பேர்தான். எனவே அவருக்குக் கிடைப்பது 97.5. நூறு வராது. ஜேஇஇ மெயின் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை இரண்டாவது முறையைப் பின்பற்றுகிறது. அங்கே ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலிடம் பெறுபவருக்கு 100 பர்சன்டைல் வரும். அவர் நூற்றுக்கு நூறு வாங்கினார் என்பதல்ல அதன் பொருள். அந்த ஷிஃப்டில் அவரைத் தாண்டி யாரும் வாங்கவில்லை என்பதுதான்.

அந்தத் தேர்வில் பர்சன்டைல் வந்ததற்குத் தக்க காரணமும் உண்டு. பல நாட்களில் பல ஷிஃப்டுகளாக, வெவ்வேறு வினாத்தாள்களோடு தேர்வு நடக்கிறது. ஒரு தாள் எளிதாகவும் இன்னொன்று கடினமாகவும் அமைந்துவிட்டால் வெறும் மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடுவது அநியாயம். ஒவ்வொருவரையும் அவருடைய ஷிஃப்டில் எழுதியவர்களோடு மட்டும் ஒப்பிட்டு, அந்த இடத்தை எண்ணாக்கினால் தாளின் கடினம் பெருமளவு கழிந்துவிடுகிறது. பள்ளியிலும் இதுதான் பர்சன்டைலின் உண்மையான பயன். காலாண்டில் 57 வாங்கிய கயல்விழி அரையாண்டில் 74 வாங்குகிறாள் என்று கொள்வோம். வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் அரையாண்டுத் தாள் எளிது, வகுப்பே ஏறியிருக்கிறது. இப்போது அவளுக்குக் கீழே 20 பேர்தான். பர்சன்டைல் 50. மதிப்பெண் 17 கூடியது, இடம் இறங்கியது. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இது தெரியவரும்.

பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இன்னொன்று. பர்சன்டைலின் படிகள் ஒரே உயரம் கொண்டவை அல்ல. பெரும்பாலான தேர்வுகளில் மாணவர்கள் நடுவில் நெருக்கியடித்து நிற்பார்கள், இரு ஓரங்களிலும் கலைந்து நிற்பார்கள். கயல்விழியின் காலாண்டுப் பட்டியலையே பார்க்கலாம். 50 முதல் 56 வரை உள்ள ஒன்பது பேரில் கடைசியாக நிற்பவர், 50 வாங்கியவர். அவருக்குக் கீழே 17 பேர், பர்சன்டைல் 42.5. கயல்விழிக்கும் அவருக்கும் இடையே வெறும் 7 மதிப்பெண்தான், அதாவது இரண்டு சிறு கணக்குகள். பர்சன்டைலில் அது 22.5 புள்ளி இடைவெளியாகத் தெரிகிறது. இனி மேல்முனைக்குப் போகலாம். அந்த வகுப்பில் முதல் மாணவர் 96, இரண்டாமவர் 83. இருவருக்கும் இடையே 13 மதிப்பெண். பர்சன்டைலிலோ 97.5, 95 என்று இரண்டரைப் புள்ளிதான் வித்தியாசம். நடுவில் சிறு வேறுபாடு பெரிதாகவும் ஓரத்தில் பெரிய வேறுபாடு சிறிதாகவும் தெரியும்.

அதனால் நடுவில் நிற்கும் பிள்ளை 65இலிருந்து 50க்கு இறங்கினால், படிப்பு சரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. எத்தனை மதிப்பெண்ணில் அந்த இறக்கம் நேர்ந்தது என்று கேட்க வேண்டும். அதே காரணத்தால், எல்லாப் பாடங்களின் பர்சன்டைலையும் கூட்டிச் சராசரி எடுப்பதும் தவறு. நடுவில் உள்ள ஐந்து புள்ளியும் ஓரத்தில் உள்ள ஐந்து புள்ளியும் ஒரே அளவு உழைப்பைக் குறிப்பதில்லை.

எந்தத் தேர்வும் ஒரு பிள்ளையின் திறனை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிடாது. காய்ச்சல் விட்ட மறுநாள், தெரிந்த பாடத்திலிருந்து வந்த ஒரு கேள்வி, அவசரத்தில் விட்டுப்போன ஒரு கழித்தல் குறி, இவை எல்லாம் சில மதிப்பெண்ணை இப்படியும் அப்படியும் தள்ளும். அதே வாரத்தில் அதே தரத்தில் இன்னொரு தேர்வு வைத்திருந்தால் கயல்விழி 54 வாங்கியிருக்கலாம், 60ம் வாங்கியிருக்கலாம். அவளுக்குக் கீழே நிற்கும் ஒன்பது பேரில் ஐவர் 54க்குக் குறைவாகவும், மேலே நிற்பவர்களில் இருவர் 58, 59 என்றும் வாங்கியிருந்தால், அவளுடைய பர்சன்டைல் 54இல் 55 ஆகவும், 60இல் 72.5 ஆகவும் வந்திருக்கும். மூன்று மதிப்பெண் ஏறினாலும் இறங்கினாலும் இவ்வளவு ஆட்டம். அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக நடக்கும் மேப் தேர்வின் அறிக்கைகளில் பர்சன்டைலை ஒற்றை எண்ணாக மட்டும் தராமல், இதிலிருந்து இதுவரை என்று ஒரு வீச்சாகவும் அச்சிடுவார்கள். நேர்மையான வழக்கம் அது. நம் பள்ளிகளும் பின்பற்றலாம்.

நாற்பது பேர் வகுப்பில் ஒருவர் என்பதே இரண்டரைப் புள்ளி. ஒரு மாணவர் கயல்விழியைத் தாண்டிப் போனாலே அவளுடைய எண் 65இலிருந்து 62.5 ஆகிவிடும். அவளிடம் எந்த மாற்றமும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை. இத்தனை சிறிய வகுப்பில் பர்சன்டைலைத் தசமப் புள்ளி வரை அச்சிடுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவது. பத்து லட்சம் பேர் எழுதும் தேர்வில் நிலைமை வேறு. அங்கே 99 பர்சன்டைலுக்கு மேலேயே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் நிற்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டத்தான் ஜேஇஇ மெயினில் ஏழு தசம இடங்கள் வரை கணக்கிடுகிறார்கள்.

ஒப்பிடப்படும் கூட்டம் எது என்பதைச் சொல்லாத பர்சன்டைலுக்குப் பொருளே இல்லை. ‘ஏ’ செக்‌ஷன் மட்டுமா, எட்டாம் வகுப்பு முழுவதுமா, அந்தப் பள்ளிக் குழுமத்தின் எல்லாக் கிளைகளுமா? சில பள்ளிகள் நன்றாகப் படிப்பவர்களைத் தனி செக்‌ஷனில் சேர்க்கின்றன. அங்கே 30 பர்சன்டைலில் நிற்கும் பிள்ளை, பள்ளி முழுவதையும் எடுத்துக்கொண்டால் 75இல் நிற்கக்கூடும். வெளியார் நடத்தும் திறனறித் தேர்வுகளில் கூட்டம் வேறு விதம். சிலவற்றில் அந்த ஆண்டு எழுதியவர்களோடு ஒப்பிடுவார்கள். மேப் போன்ற தேர்வுகளில், முன்பே பெரிய எண்ணிக்கையில் மாணவர்களிடமிருந்து திரட்டி வைத்த தரவோடு ஒப்பிடுவார்கள். அதில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை எத்தனை வாங்கினாலும் இந்தப் பிள்ளையின் பர்சன்டைல் மாறாது. குழந்தைநல மருத்துவர் எடை அட்டையில் புள்ளி வைப்பதும் இதே வழியில்தான். வெளியே அமர்ந்திருக்கும் குழந்தைகளோடு ஒப்பிடாமல், அதே வயதுக் குழந்தைகளுக்கென்று ஏற்கெனவே வரைந்துவைத்த கோடுகளோடுதான் ஒப்பிடுகிறார்.

பர்சன்டைலால் சொல்லவே முடியாதது ஒன்று இருக்கிறது: பிள்ளைக்குப் பாடம் தெரியுமா என்பது. எல்லாரும் மோசமாக எழுதிய வகுப்பிலும் யாரோ ஒருவர் 90க்கு மேல் பர்சன்டைலில் நிற்பார். எல்லாரும் நன்றாக எழுதிய வகுப்பிலும் பாதிப் பேர் 50க்குக் கீழேதான் நிற்பார்கள், வேறு வழியே இல்லை. ‘எல்லாப் பிள்ளைகளையும் 60 பர்சன்டைலுக்கு மேலே கொண்டுவருவோம்’ என்று ஒரு பள்ளி உறுதி சொன்னால், தன் வகுப்புக்குள்ளேயே ஒப்பிடும் கணக்கில் அது நடக்காத காரியம். பின்னக் கணக்கு புரிகிறதா, குறி மாற்றிப் போடுகிறாளா என்பதை விடைத்தாளைப் புரட்டித்தான் அறிய முடியும்.

ஆகவே வகுப்பாசிரியர் ரிப்போர்ட் கார்டோடு பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பில், வெறும் 65 என்ற எண் போதாது. எத்தனை பேரோடு ஒப்பிட்டது, சமமாக வாங்கியவர்களை எப்படி எண்ணியது, வகுப்பின் நடு மதிப்பெண் என்ன, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். கயல்விழியின் கார்டில் அதை இரண்டே வரியில் எழுதிவிடலாம்: ‘எட்டாம் வகுப்பு, 40 மாணவர்கள். 57 மதிப்பெண், இதற்குக் கீழே 26 பேர், சமமாக இன்னொருவர், மேலே 12 பேர்.’ குறிப்பில் இது இல்லாவிட்டால், பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டும். அப்படியே கணக்கு விடைத்தாளையும் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.