உயர்ந்ததும் குறைந்ததும் அடுத்தடுத்து வரும் பட்டியல்

செய்தித்தாளில் தங்கம் விலை வரும் பகுதியைப் பாருங்கள். ஒரு நாள் 'ஆபரணத் தங்கத்தின் விலை சவரனுக்கு 400 ரூபாய் உயர்ந்தது' என்று இருக்கும். இன்னொரு நாள் அதே இடத்தில் அதே வாக்கியம் வரும். கடைசிச் சொல் மட்டும் 'குறைந்தது' என்று மாறியிருக்கும். கல்யாணத்துக்கு நகை எடுக்கக் காத்திருப்பவருக்கு அந்தக் கடைசிச் சொல்தான் செய்தியே. ஆனால், அக்கம்பக்கத்துச் சொற்களை மட்டும் வைத்துப் பொருளைக் கற்றுக்கொள்ளும் கணினிக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே சொல்லாகத் தெரியும். 'உயர்ந்தது' என்பதற்கு ஒத்தசொல் கேட்டால், 'அதிகரித்தது' என்பதற்கு முன்பாகவே 'குறைந்தது' வந்து நிற்கக்கூடும்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கான காரணம் அந்த முறையின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒரு சொல்லின் பொருளை அது பழகும் சொற்களை வைத்து அறியலாம் என்ற எண்ணம் பழையது. அமெரிக்க மொழியியலாளர் செல்லிக் ஹாரிஸ் 1954-இல் இதை விரிவாக எழுதினார். ஒரே மாதிரிச் சூழலில் வரும் சொற்கள் ஒரே மாதிரிப் பொருள் உடையவை என்பது அதன் சாரம். 2013-இல் கூகுளில் தோமாஸ் மிக்கோலோவும் அவருடன் பணியாற்றியவர்களும் word2vec என்ற நிரலை வெளியிட்டபோது இந்த எண்ணம் எல்லோர் கைக்கும் வந்தது. நிரல் கோடிக்கணக்கான வாக்கியங்களை ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் சில சொற்களைப் பார்க்கிறது. இந்தச் சொல் இருந்தால் பக்கத்தில் என்ன வரும் என்று ஊகிக்கிறது. ஊகம் தவறினால் அந்தச் சொல்லுக்கு உரிய எண்களைச் சற்றே திருத்துகிறது. கடைசியில் ஒவ்வொரு சொல்லும் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாகிறது. பெரும்பாலும் 300 எண்கள். இந்த வரிசைக்குத்தான் சொல் வெக்டர் என்று பெயர். இரண்டு வெக்டர்கள் எவ்வளவு ஒரே திசையைப் பார்க்கின்றன என்பதைக் கோசைன் என்ற அளவு காட்டும். அது 1-ஐ நெருங்கினால் சொற்கள் நெருக்கம் என்று கணக்கு.

300 எண்களைக் கண்ணால் பார்த்து ஒன்றும் புரியாது. ஆகவே நான்கே எண்களை வைத்து நாமே ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனை; word2vec செய்வது இப்படி நேரடியாக எண்ணுவதும் அல்ல. ஆனால் தத்துவம் இதுதான். ஒரு சிறிய செய்தித் தொகுப்பில் 'உயர்ந்தது' என்ற சொல்லுக்கு அருகே 'விலை' 40 முறையும், 'ரூபாய்' 30 முறையும், 'நீர்மட்டம்' 20 முறையும், 'எண்ணிக்கை' 10 முறையும் வந்தன என்று வையுங்கள். 'குறைந்தது' என்ற சொல்லுக்கு அதே வரிசையில் 40, 30, 15, 15. அணையின் நீர்மட்டமும் தங்கம் போலவே ஏறி இறங்குவதால் எண்கள் ஒட்டியே இருக்கும். இனி 'அதிகரித்தது'. இது நோயாளிகளின் எண்ணிக்கை, பயணிகளின் எண்ணிக்கை என்ற பக்கம் அதிகம் புழங்கும் சொல். ஆகவே 15, 5, 10, 40.

இப்போது கோசைன். 'உயர்ந்தது', 'குறைந்தது' இரண்டின் எண்களையும் இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டினால் 2950 வரும். அதை இரண்டு வரிசைகளின் நீளங்களால் வகுக்க வேண்டும். ஒரு வரிசையின் நீளம் என்பது அதன் எண்களின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம். இங்கே ஏறக்குறைய 54.8-உம் 54.3-உம். விடை 0.99. இதே கணக்கை 'உயர்ந்தது', 'அதிகரித்தது' இரண்டுக்கும் போட்டால் வருவது 0.56. எதிர்ச்சொல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஒத்தசொல் தள்ளி நிற்கிறது. கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடைதான் கிடைத்திருக்கிறது. நாம் கேட்பதாக நினைத்துக்கொண்டது 'எது இதே பொருள் தரும்?' என்று. நிரலிடம் உண்மையில் போய்ச் சேர்ந்த கேள்வி 'எது இதே இடத்தில் உட்காரும்?' என்பது.

எதிர்ச்சொற்களின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. உயர்வும் தாழ்வும் முற்றிலும் வேறு வேறு உலகங்கள் அல்ல. இரண்டும் அளவின் மாற்றத்தைச் சொல்கின்றன, ஒரே வகைப் பொருள்கள்மீது நிகழ்கின்றன, ஒரே இலக்கண வடிவில் வருகின்றன. ஒரேயொரு கூறில், திசையில், மட்டும் மாறுகின்றன. சூடு–குளிர், விலையுயர்ந்த–மலிவான, வாங்கினான்–விற்றான் எல்லாம் இப்படித்தான். மேலும், எதிர்ச்சொற்கள் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவதும் தற்செயலாக எதிர்பார்ப்பதைவிட மிகுதி என்று ஆங்கிலத்தை ஆராய்ந்தவர்கள் 1980-களின் இறுதியிலேயே காட்டியிருக்கிறார்கள்.

பார்க்கும் சாளரத்தைச் சுருக்கினால் இது சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சாளரம் என்பது நிரல் ஒரு சொல்லின் இருபுறமும் எத்தனை சொற்களைப் பார்க்கிறது என்பது. அதையோ, எதைச் சூழல் என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதையோ மாற்றினால் விடை மாறுவது உண்மைதான். ஓமர் லெவியும் யோவ் கோல்ட்பெர்க்கும் 2014-இல் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று தெளிவானது. ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் பெயரைக் கொடுத்து, இருபுறமும் ஐந்து சொற்கள் என்று பார்த்தபோது டம்பிள்டோர், ஸ்னேப், மால்ஃபாய் என அதே கதையின் பாத்திரங்கள் வந்தன. சுற்றியுள்ள சொற்களுக்குப் பதிலாக வாக்கியத்தின் இலக்கண உறவுகளைச் சூழலாக எடுத்தபோது சன்னிடேல் போன்ற வேறு பள்ளிப் பெயர்கள் வந்தன. முதல் பட்டியல் தொடர்புடையவை; இரண்டாவது அதே வகையைச் சேர்ந்தவை. ஆனால் 'குறைந்தது' என்பதும் 'உயர்ந்தது' என்பதும் ஒரே வகைதானே! இலக்கணத்தை நெருங்கிப் பார்க்கப் பார்க்க எதிர்ச்சொல் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் மொழியில் எதிர்மறை தனிச்சொல்லாக மட்டும் நிற்பதில்லை, வினைக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2018-இல் fastText என்ற முறையில் 157 மொழிகளுக்குச் சொல் வெக்டர்களை வெளியிட்டார்கள். தமிழும் அதில் உண்டு. இந்த முறை முழுச் சொல்லோடு அதன் துண்டுகளையும் கணக்கில் எடுக்கிறது. அந்த வெளியீட்டில் துண்டின் நீளம் ஐந்து குறிகள். கணினி நம் 'வே' என்ற எழுத்தை வ, அதன் மேல் ஏறும் ஏகாரக் குறி என இரண்டாக எண்ணும். புள்ளியும் தனிக் குறி. இப்படிப் பார்த்தால் 'வேண்டும்' எட்டுக் குறிகள், 'வேண்டாம்' எட்டுக் குறிகள். வேறுபடுவது ஒன்றே ஒன்று: ஓரிடத்தில் உகரக் குறி, மற்றதில் கால். சொல்லின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நிரல் ஓர் அடையாளம் சேர்ப்பதால் மொத்தம் பத்து. அதில் ஐந்து ஐந்தாக எடுத்தால் ஆறு துண்டுகள். அவற்றில் முதல் இரண்டும் இரண்டு சொல்லுக்கும் பொது. சூழலும் ஏறக்குறைய ஒன்று, உடலிலும் பாதி உறவு. 'வீட்டில்', 'வீட்டின்', 'வீட்டுக்கு' போன்ற வேற்றுமை வடிவங்களை ஒன்றுசேர்க்க இந்தத் துண்டு முறை அருமையாக உதவுகிறது. அதே குணம் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. தெரியும்–தெரியாது, முடியும்–முடியாது ஆகியவற்றின் நிலையும் இதுதான்.

பட்டியலைப் பார்ப்பவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? 0.7-க்கு மேல் இருந்தால் ஒத்தசொல் என்று ஓர் எல்லைக்கோடு போடுவது பலர் செய்வது. மேலே போட்ட கணக்கே அது ஏன் உதவாது என்று காட்டிவிட்டது. எதிர்ச்சொல் கோட்டுக்குக் கீழே ஒதுங்குவதில்லை, மேலேயே நிற்கிறது. உதவுவது வாக்கியச் சோதனை. ஆனால் 'விலை ___' என்ற இடத்தில் மாற்றிப் பொருத்திப் பார்ப்பது போதாது, இரண்டுமே பொருந்தும். மறுப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'விலை உயரவில்லை, குறைந்தது' என்பது இயல்பாக ஒலிக்கிறது. 'விலை உயரவில்லை, அதிகரித்தது' என்றால் காது உடனே மறுக்கிறது. முதல் சோடி எதிர், இரண்டாவது சோடி ஒத்தது. தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சோடிக்கு ஒரு நொடி போதும்.

ஆயிரக்கணக்கான சோடிகளுக்கு இதை ஆள் வைத்துச் செய்ய முடியாது. டெகாங் லின்னும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் ஆங்கிலத்துக்கு ஒரு வழி சொன்னார்கள். 'இதிலிருந்து அதுவரை', 'இதுவோ அதுவோ' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர்களுக்குள் இரண்டு சொற்கள் அடிக்கடி வந்தால் அவை ஒத்தசொற்களாக இருக்க வாய்ப்பு குறைவு. தமிழில் இதற்கு இணையாக நம்மிடம் உம்மைத்தொகை இருக்கிறது: இரவு பகல், மேடு பள்ளம், வரவு செலவு, ஏற்ற இறக்கம். இவற்றைத் தேடினால் எதிர்ச்சொற்கள் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும். அப்படியே நம்பிவிடவும் கூடாது. 'பேரும் புகழும்', 'சீரும் சிறப்பும்' என்று நெருங்கிய பொருளுள்ள சொற்களையும் தமிழ் இதே உம்மையால் கட்டுகிறது. ஆக, இந்த வலை எதிர்ச்சொல்லோடு ஒத்தசொல்லையும் அள்ளும். '-விலிருந்து … வரை' போன்ற வடிவங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

வெக்டரையே திருத்தும் வேலையும் நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேச்சு உரையாடல் அமைப்புகளை ஆராய்ந்த நிக்கோலா மிர்க்ஷிச்சும் மற்றவர்களும் 2016-இல் வெளியிட்ட முறை இது. மலிவான உணவகம் கேட்டவருக்கு விலை கூடிய உணவகத்தைக் காட்டிவிட்டால் அந்த அமைப்பே வீண் என்பதால், இந்தத் துறையில் எதிர்ச்சொல் குழப்பம் உடனே வலிக்கும். அவர்கள் எடுத்த வெக்டர்களில் 'கிழக்கு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் அருகே மேற்கு, வடக்கு, தெற்கு என்றுதான் இருந்தன. அகராதியிலிருந்து ஒத்தசொல் பட்டியல் ஒன்றும் எதிர்ச்சொல் பட்டியல் ஒன்றும் எடுத்து, முதல் பட்டியலின் சோடிகளை நெருங்க விட்டு, இரண்டாம் பட்டியலின் சோடிகளைத் தள்ளிவிட்டார்கள். மற்ற சொற்களின் அக்கம்பக்கம் கலையாமல் காக்க மூன்றாவதாக ஒரு கட்டுப்பாடும் வைத்தார்கள். பிறகு கிழக்கின் அருகே கிழக்கத்திய, கிழக்கு நோக்கிய என்ற பொருள்படும் சொற்கள் வந்தன.

இந்த முறைக்கு உயிர் அந்தப் பட்டியல்தான். பட்டியலில் இல்லாத சொல்லுக்கு அது நேரடியாக எதுவும் செய்வதில்லை. எத்தனை கோடி வாக்கியங்களைக் கூடுதலாகப் படித்தாலும், 'உயர்ந்தது', 'குறைந்தது' இரண்டின் திசை வேறு என்ற செய்தி தங்கம் விலை வாக்கியங்களுக்குள் அதிகமாகிவிடப் போவதில்லை. வெளியிலிருந்து யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழில் அந்தப் பட்டியலின் ஒரு பகுதியை விதியாலேயே ஆக்கலாம்: தெரியும் என்றால் தெரியாது, இயலும் என்றால் இயலாது என்று வினை வடிவங்களிலிருந்து சோடிகளை நிரலே உண்டாக்கிவிடும். ஏறு–இறங்கு, வாங்கு–விற்பனை செய், கூடு–குறை போன்றவற்றுக்கு எந்த விதியும் கிடையாது. அவற்றை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அதிலும் 'கூடும்' என்ற சொல்லுக்கு விலை என்றால் 'குறையும்', கூட்டம் என்றால் 'கலையும்', அனுமதி என்றால் 'கூடாது' என மூன்று எதிர்ச்சொற்களை எழுத வேண்டிவரும். வெக்டர் வரிசையிலோ அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது.