ஹென்லே வளைவில் அடர்த்தியாவது எது?

நீட் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஹென்லே வளைவைக் கடந்து வெளியே வரும் திரவம், உள்ளே நுழைந்தபோது இருந்ததைவிட அடர்த்தியாக இருக்குமா, நீர்த்துப் போயிருக்குமா? பலரும் 'அடர்த்தி' என்றுதான் சொல்வார்கள். சிறுநீரை அடர்த்தியாக்குவதே அந்த வளைவுதான் என்று படித்திருக்கிறார்களே! உண்மை நேர்மாறு. நுழையும்போது திரவத்தின் அடர்த்தி லிட்டருக்கு 300 மில்லி ஆஸ்மோல். வெளியேறும்போது ஏறக்குறைய 100.

அப்படியானால் வளைவு செய்யும் வேலை என்ன? தன்னைச் சுற்றியுள்ள மெடுல்லா திசுவில் உப்பைச் சேர்த்து வைக்கிறது. சிறுநீர் அடர்த்தியாவது பிறகு, அந்த உப்புத் திசுவின் வழியே இறங்கும் சேகரிப்பு நாளத்தில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாடத்தில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வளைவின் இரு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் குணத்தில் எதிரெதிர். இறங்கு குழல் தண்ணீரைத் தாராளமாக வெளியே விடும். உப்பை அதிகம் விடாது. ஏறு குழலின் சுவரைத் தண்ணீர் தாண்டவே முடியாது. அதன் தடித்த பகுதியில் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு அயனிகளைச் சேர்த்துக் குழலுக்குள்ளிருந்து இழுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. அதன் உதவியால் உப்பு மட்டும் திசுவுக்குப் போகிறது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு: எந்த மட்டத்திலும் உள்ளுக்கும் வெளிக்கும் 200 வித்தியாசத்தைத்தான் உண்டாக்க முடியும். அப்புறம் 1,200 எப்படி வருகிறது?

தாளில் போட்டுப் பார்க்கலாம். வளைவை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எங்கும் 300. ஏறு குழல் உப்பை வெளியே தள்ளியதும் அதன் உள்ளே 200, திசுவில் 400. தண்ணீரை இழந்து இறங்கு குழலும் 400 ஆகிறது. இப்போது திரவம் ஓர் அடி நகர்கிறது. மேலே புதிதாக 300 நுழைகிறது. இறங்கு குழலின் மேல் பாதியில் இருந்த 400 கீழ் பாதிக்கு வருகிறது. அங்கே ஏற்கெனவே இருந்த 400 கொண்டை ஊசி வளைவு திரும்பி ஏறு குழலின் அடிக்குப் போகிறது. அங்கிருந்த 200 மேலே ஏறிவிடுகிறது. மறுபடி பம்ப் இயங்கினால் மேலே 350, 150; கீழே 500, 300. இரு மட்டத்திலும் வித்தியாசம் அதே 200தான். ஆனால் ஒரே சுற்றில் கீழ்த் திசு 400-லிருந்து 500-க்கு உயர்ந்துவிட்டது. பம்ப் வலுவடையவில்லை. எதிர்த்திசையில் ஓடும் திரவம், சேர்த்த உப்பை அடிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அடுத்த சுற்றைத் தொடங்க வைக்கிறது. 'எதிரோட்டப் பெருக்கி' என்ற பெயர் இதற்குத்தான். 1951-இல் ஹார்கிட்டே, குன் இருவரும் இந்தத் தத்துவத்தைச் சிறுநீரகத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

இப்படியே பல படிகளில் நீண்ட வளைவில் நடக்கும்போது மெடுல்லாவின் நுனி 1,200-ஐ எட்டுகிறது. அவ்வளவும் உப்பு அல்ல. ஆழத்தில் ஏறக்குறைய பாதி யூரியா. உள் மெடுல்லாவில் ஏறு குழல் மெலிந்தது, அங்கே இந்தப் பம்ப் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேர்த்த உப்பை ரத்தம் அள்ளிக்கொண்டு போய்விடாதா? வாசா ரெக்டா நுண்நாளங்களும் வளைவு போலவே இறங்கி ஏறுகின்றன. இறங்கும்போது வாங்கும் உப்பை ஏறும்போது திரும்பக் கொடுத்துவிடுகின்றன; திசுவில் கூடும் தண்ணீரை மட்டும் எடுத்துச் செல்கின்றன. இங்கே பம்ப் எதுவும் இல்லை. அதனால் இது பரிமாற்றி மட்டுமே, பெருக்கி அல்ல. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் அதிகம்.

இனிச் சேகரிப்பு நாளம். ஏ.டி.எச். ஹார்மோன் இருந்தால் அதன் சுவரில் அக்வாபோரின் என்னும் நீர்வழிகள் திறக்கும். உப்பில் பிசறிய மாங்காய் நீர் விடுவதுபோல நாளத்துத் தண்ணீர் திசுவுக்குப் போக, சிறுநீர் 1,200 வரை அடர்த்தியாகும். ஒரு நாளில் வெளியேற்ற வேண்டிய கழிவு சுமார் 600 மில்லி ஆஸ்மோல் என்று வைத்துக்கொண்டால், 600-ஐ 1,200-ஆல் வகுக்க அரை லிட்டர். தண்ணீரே குடிக்காவிட்டாலும் அவ்வளவாவது சிறுநீர் போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டு கோளாறுகளை ஒப்பிட்டால் எல்லாம் தெளிவாகும். ஃப்யூரோசமைட் மாத்திரை ஏறு குழலின் அந்தப் புரதத்தை அடைத்துவிடும். திசுவில் உப்பு சேராது, குழல் திரவமும் நீர்க்காது. சிறுநீர் 300-ஐ ஒட்டியே ஏராளமாகப் போகும். மூளையிலிருந்து ஏ.டி.எச். வராத டயாபடீஸ் இன்சிபிடஸ் நோயிலும் சிறுநீர் ஏராளம். ஆனால் அடர்த்தி 100-க்கும் கீழே போகலாம்; ஏனென்றால் வளைவு நீர்க்க வைத்த திரவம் அப்படியே வெளியேறுகிறது. இவருக்கு ஏ.டி.எச். போன்ற டெஸ்மோப்ரெசின் கொடுத்தால் சிறுநீர் அடர்த்தியாகும். ஃப்யூரோசமைட் வேலை செய்துகொண்டிருப்பவருக்கு அதைக் கொடுத்துப் பெரிய பலன் இல்லை. நீர்வழி திறந்தாலும் தண்ணீரை இழுக்கப் போதிய உப்பு வெளியே இருக்காது.