போனும் மாறுகிறது, நம்பரும் மாறுகிறது: வாட்ஸ்அப் உரையாடல்கள் என்ன ஆகும்?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார் ஒரு செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இறங்கியதும் புது சிம், கூடவே ஒரு புது ஆண்ட்ராய்டு போன். புது போனில் வாட்ஸ்அப்பை இறக்கி, புது நம்பரைக் கொடுத்துத் திறக்கிறார். திரை காலியாக இருக்கிறது. பல வருட உரையாடல், குடும்பக் குழு, அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் எதுவும் இல்லை.

அவை அழிந்துவிடவில்லை. கூகுள் கணக்கில் சேமிக்கப்படும் வாட்ஸ்அப் பேக்கப், எந்த நம்பரிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த நம்பரோடு கட்டப்பட்டது. புது நம்பரோடு உள்ளே வருபவரை வாட்ஸ்அப் புது ஆளாகவே பார்க்கிறது. பழைய நம்பரின் பேக்கப்பை அவருக்குக் காட்டுவதில்லை. க்யூஆர் கோடு காட்டி நேரடியாக மாற்றும் Transfer chats வசதியும், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற்றும் வசதியும் இதே கதைதான்: இரண்டு போனிலும் ஒரே நம்பர் இருந்தால்தான் வேலை செய்யும்.

ஆகவே போனையும் நம்பரையும் ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். எதை முதலில் என்பதைப் பழைய சிம்தான் முடிவு செய்யும்.

நம் செவிலியரின் இந்திய சிம்முக்கு ரோமிங் இல்லை. சிங்கப்பூரில் அதற்கு எஸ்எம்எஸ் வராது. ஆனால் பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் திறந்தே இருக்கிறது. வைஃபை கொடுத்தால் ஓடும். அப்படியானால் அவர் முதலில் நம்பரைத்தான் மாற்ற வேண்டும். பழைய போனில் Settings → Account → Change number போய், பழைய நம்பரையும் புது நம்பரையும் தட்டுகிறார். சரிபார்ப்பு எண் புது நம்பருக்கு மட்டுமே வரும். புது சிம் எந்தப் போனில் இருந்தாலும் சரி, அந்த எண்ணைப் பார்த்துப் பழைய போனில் தட்டினால் போதும். இந்தச் சலுகை பலருக்குத் தெரியாததால்தான், பழைய சிம் செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

நம்பர் மாறியதும், அதே பழைய போனில் Settings → Chats → Chat backup திறந்து புதிதாக ஒரு பேக்கப் எடுக்க வேண்டும். இது முக்கியம், நேற்றைய பேக்கப் பழைய நம்பருக்கு உரியது. வீடியோக்கள் வேண்டுமென்றால் அதற்கான தேர்வைத் தனியாக இயக்க வேண்டும். பேக்கப்புக்குக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்தால் கையில் இருக்கட்டும். தொலைந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. பேக்கப் நடந்த தேதியையும் நேரத்தையும் திரையில் பார்த்த பிறகே புது போனுக்குப் போக வேண்டும்.

புது போனில் அதே கூகுள் கணக்கு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பை நிறுவி, புது நம்பரைச் சரிபார்த்ததும் Restore என்று கேட்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டால், செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் அந்தக் கேள்வி மீண்டும் வரும்.

பழைய சிம்முக்கு எஸ்எம்எஸ் வருகிறதென்றால், வரிசையைத் திருப்பிப் போடலாம்: பழைய நம்பரோடே புது போனுக்கு மாறிவிட்டு, எல்லாம் வந்து சேர்ந்த பின் அங்கேயே நம்பரை மாற்றலாம். ஐபோனுக்கு மாறுபவர்களுக்கு இதுவே நல்லது.

கணினியிலும் டேப்லெட்டிலும் இணைத்திருந்த வாட்ஸ்அப் இந்த மாற்றத்தில் துண்டிக்கப்படும். பயப்பட வேண்டாம். புது போனில் Linked devices போய் மறுபடி இணைத்துக்கொள்ளலாம். நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். உரையாடல்கள் போனிலிருந்துதான் அங்கே போகின்றன. ஆகவே போனில் Restore முடிவதற்கு முன் கணினியை இணைக்க வேண்டாம்.

சில நேரம் புது நம்பரே சிக்கல் தரும். முன்பு அதை வைத்திருந்தவர் ஆறு இலக்க பின் போட்டிருந்தால், உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க நேரலாம். நாம் விட்டுவந்த நம்பருக்கும் அதே வாழ்க்கைதான். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். 2023 நவம்பரில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய நம்பரில் உள்ள வாட்ஸ்அப் தரவை நீக்கிக்கொள்வது பயனர் கையில் இருக்கிறது என்று சொல்லி, நீதிமன்றம் மனுவை முடித்துவைத்தது. Change number செய்தால் பழைய நம்பரின் கணக்கு தானாக நீங்கிவிடும். புது நம்பரில் தனியாக இன்னொரு கணக்கு தொடங்கியவர்களுக்குத்தான் பழையது அப்படியே கிடக்கும்.

புது போனில் பழைய உரையாடல் ஒன்றைத் திறந்து, ஒரு வருடம் முந்தைய படம் ஒன்று முழுதாக வருகிறதா என்று பாருங்கள். அதுவரை பழைய போனை அழிக்கவோ விற்கவோ வேண்டாம்.