உறையும் நிறமும் – 17: இன்னா கலர்பா?

சென்ற வாரம் விம்கோ நகர் தீப்பெட்டியோடு நிறுத்தியிருந்தோம். ஒரு தொழிலில் எல்லோரும் ஒரே மாதிரி உறை போடும்போது, புதிதாக வருகிறவன் அதற்குள் அடங்குவதா, மீறுவதா என்பதுதான் கேள்வி. இந்த வாரம் திருவொற்றியூர் டயர் ஏன் கறுப்பு என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பால் குறுக்கே வந்துவிட்டது.

ராயபுரத்தில் விடியற்காலை பால் வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் நிறுவனத்தின் பெயரைக் கேட்பதில்லை, கொழுப்பு எத்தனை சதவீதம் என்றும் கேட்பதில்லை. "இன்னா கலர்பா?" அவ்வளவுதான். "நீலம் ரெண்டு, பச்சை ஒண்ணு" என்றால் கை தானாகப் பெட்டிக்குள் போய் எடுத்துவிடும். ஆவினில் நீலம் என்றால் டோன்டு பால், 3% கொழுப்பு. பச்சை என்றால் நிலைப்படுத்திய பால், 4.5%. ஆரஞ்சு என்றால் நிறைகொழுப்பு, 6%. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும்.

பால் என்றாலே நீலமும் வெள்ளையும் என்று உலகம் முழுக்க ஒரு வழக்கம். அமுல் தாசா நீலம், நந்தினியின் டோன்டு நீலம், கேரளத்து மில்மாவின் டோன்டும் நீலம். ஏன் என்று விளம்பரக்காரர்களைக் கேட்டால் குளிர்ச்சி, தூய்மை என்பார்கள். அது பாதி பதில். மீதியைச் சொட்டு நீலம் போட்டுத் துவைத்த எந்த வீட்டிலும் கேட்கலாம். பழைய வேட்டியில் லேசான மஞ்சள் ஏறியிருக்கும். நீலம் அந்த மஞ்சளை அடக்கிவிடும், துணி வெளுத்த மாதிரி கண்ணுக்குத் தெரியும். பசும்பாலிலும் மஞ்சள் உண்டு. பசு தின்னும் பச்சைப் புல்லில் இருக்கும் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்து பாலுக்கு வருகிறது. எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளைவெளேரென்று இருக்கும். வெள்ளைக்குப் பக்கத்தில் நீலத்தை அச்சடித்தால், அந்த வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தோன்றும்.

அந்த வெள்ளையும் சும்மா அழகுக்கு அல்ல. பாக்கெட் படலத்துக்குள் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்திருக்கும். பாலில் உள்ள ரிபோஃப்ளேவின் என்கிற பி2 வெளிச்சம் பட்டால் கெடும். கூடவே பாலின் ருசியையும் கெடுக்கும். கண்ணாடிபோல் தெளிந்த பையில் பாலை வைத்துக் கடை விளக்குக்குக் கீழே விட்டால், பழைய அட்டையை நனைத்த மாதிரி ஒரு வாடை வரும். எனவே படலம் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டும். அதன்மேல் அடிக்கும் மையும் குளிர்ந்த நீரிலும், பெட்டிக்குள் பாக்கெட்டும் பாக்கெட்டும் உரசுவதிலும், வழிந்த பாலின் கொழுப்பிலும் கரையாமல் நிற்க வேண்டும். தாலோசயனின் நீலமும் அதன் அண்ணன் தம்பியான தாலோசயனின் பச்சையும் இதற்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும் நிறமிகள்.

இவ்வளவும் உறையின் காரணங்கள். எனக்கு இந்த வாரம் தூக்கம் கெட்டது வேறொரு விஷயத்தால். நீலம் எந்தப் பாலுக்கு?

பாலில் கொழுப்பைக் குறைத்தால் மஞ்சள் போய்விடும், நீலம் தலைகாட்டும். கொழுப்புத் துளிகள் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிப்பதால் பால் வெள்ளையாகத் தெரிகிறது. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சும் கேசின் துகள்கள் மிகச் சிறியவை. அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். தண்ணீர் சேர்த்த பாலை டம்ளரில் சாய்த்து, விளிம்பில் நீலம் தெரிகிறதா என்று நம் பாட்டிகள் பார்த்ததன் பின்னால் இருப்பது இதுதான். ஆக, கொழுப்புக் குறைந்த பாலுக்கு நீலம் போடுவது நேர்மையான வழக்கம். இங்கிலாந்தில் கண்ணாடிப் புட்டிகளில் பால் வந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. மேலே ஒட்டிய அலுமினியத் தாள் மூடியில் வெள்ளி நிறம் முழுப் பாலுக்கு, நீலக் கட்டம் போட்டது கொழுப்பு நீக்கிய பாலுக்கு. பிறகு பெருங்கடைகளில் பிளாஸ்டிக் குடுவை வந்தது. அங்கே நீல மூடி முழுப் பாலுக்குப் போனது, பச்சை பாதி கொழுப்புக்கு, சிவப்பு கொழுப்பு நீக்கியதற்கு. நீலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவிவிட்டது! லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன ராயபுரத்து அம்மா, "நீலம்தான் லேசு" என்று வாங்கினால், அங்கே கிடைப்பது கெட்டியான பால்.

இதில் ஒரு கிளைக்கதை. 2022-ல் வெயிட்ரோஸ் என்ற பிரிட்டிஷ் கடைத்தொடர் மூடியின் நிறத்தையே எடுத்துவிட்டு, தெளிந்த மூடியைச் சோதித்துப் பார்த்தது. நிறம் போட்ட மூடியை உருக்கினால் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும். திரும்பப் பால் குடுவையாக்க முடியாது. தெளிந்த மூடியானால் முடியும். நிறம் சீட்டில் மட்டும் இருந்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். வழக்கத்தை மீறுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைப்பது அரிது.

நம் நீலத்துக்கு வருவோம். டோன்டு பால் நம் நாட்டுக் கண்டுபிடிப்பு. பம்பாயில் தாரா குரோடி 1940-களில் தொடங்கியது. கணக்கு எளிமையானது. 7% கொழுப்புள்ள எருமைப்பால் 100 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதை 3 சதவீதத்துக்கு இறக்கினால் ஏறத்தாழ 233 லிட்டர் ஆகும். ஆனால் வெறும் தண்ணீர் ஊற்றினால் பால் நீர்த்துவிடும். கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5% இருக்க வேண்டும் என்பதால், சுமார் 11 கிலோ கொழுப்பு நீக்கிய பால்பொடியும் சேர்க்க வேண்டும். ஏழைக்குக் கட்டுப்படியாகும் பால் அப்படித்தான் வந்தது. குரோடிக்கும் குரியனுக்கும் திரிபுவன்தாஸ் படேலுக்கும் சேர்த்து 1963-ல் மகசேசே விருது கொடுத்தார்கள். அதே 1963-ல்தான் வடசென்னைக்குப் பக்கத்தில் மாதவரம் பால்பண்ணை நியூசிலாந்து உதவியோடு எழுந்தது.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியில் டோன்டு 3%, நிலைப்படுத்தியது 4.5%, நிறைகொழுப்பு 6% என்று எண்ணும் பெயரும் கட்டப்பட்டிருக்கின்றன. எந்தப் பாலுக்கு எந்த நிறம் என்று விதி சொல்வதில்லை. நிறத்தைக் காப்பாற்றி வருவது பண்ணைக்காரரும், வண்டியில் பெட்டி ஏற்றும் ஆளும், பூத்துக்காரரும்தான். இருட்டில் நின்று பிரித்து அடுக்குகிறவருக்கு எழுத்தைவிட நிறம் வசதி. படலச் சுருளை மாற்றி மாட்டிவிட்டால் அன்றைய பாலே தப்பாகப் போய்விடும். அதனால் நிறம் என்பது இங்கே விளம்பரமல்ல, வேலைக் கருவி.

அந்தக் கருவியில் கை வைத்தால் என்ன ஆகும்? 2023 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஓராண்டுக்கு முன், 2022 நவம்பரில், ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆகிவிட்டிருந்தது. பச்சை அதே 44. பண்ணைக்கு வரும் பசும்பாலில் கொழுப்பு சுமார் 3.5 சதவீதம்தான். அதை 4.5-க்கு ஏற்ற வேண்டுமானால் எங்கிருந்தாவது வெண்ணெய் வர வேண்டும். ஆவின் என்ன செய்தது? ‘டிலைட்’ என்று 3.5% கொழுப்போடு ஊதா நிறப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தது. பச்சையை நிறுத்தப் போகிறோம் என்றது. விலை அதே 44.

கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு ஒரு சதவீதம் என்றால் ஏறத்தாழ பத்து கிராம் கொழுப்பு. அரை லிட்டர் பாக்கெட்டில் ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன் நெய் அளவு. வாங்குகிறவருக்கு அது சின்னதுதான். பண்ணைக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு ஒரு டன் கொழுப்பு மிச்சம். கொள்முதல் பாலை அப்படியே கொடுக்கிறோம், எதையும் எடுக்கவில்லை என்று ஆவின் சொன்னதில் உண்மை உண்டு. மறைமுக விலையேற்றம் என்று எதிர்க்கட்சிகள் சொன்னதிலும் உண்மை உண்டு. அதே ரூபாய்க்குக் கொழுப்புக் குறைந்தால் அதற்கு வேறு என்ன பெயர்?

எனக்கு இதில் சுவையாகப் படுவது நிறம் மாறியதால்தான் குட்டு வெளிப்பட்டது என்பது. பச்சையில் 3.5-ஐ அடைத்து ‘நிலைப்படுத்திய பால்’ என்று விற்க சட்டம் விடாது. வேறு பெயர் வேண்டும். வேறு பெயர் வந்தால் வேறு நிறம் வேண்டும். புது நிறத்தைக் கண்டதும் இத்தனை வருடம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காதவர்கள்கூடத் திருப்பி எண்ணைப் படித்தார்கள். பழகிய நிறத்தின் பலம் இதுதான்: அது இருக்கும்வரை யாரும் கணக்குக் கேட்பதில்லை.

பச்சை மறையவில்லை. 2024 டிசம்பரில் அடுத்த முயற்சி வந்தபோது ஆவின் நிறத்தின் பெயரை விடவே இல்லை. ‘கிரீன் மேஜிக் பிளஸ்’. கொழுப்பு அதே 4.5, திடப்பொருள் 9, கூடுதலாக வைட்டமின் ஏ, டி. அளவு 450 மில்லி, விலை 25 ரூபாய். பழைய பச்சை 500 மில்லி 22 ரூபாய். லிட்டருக்குப் பார்த்தால் 44 எங்கே, 55 ரூபாய் 56 காசு எங்கே? இந்த முறை மாறியது அளவும் விலையும். முதல் முறை செய்தது வழக்கத்தை மீறல், இரண்டாவது அதற்குள் ஒளிந்துகொள்ளல். இரண்டில் முதலாவதே நேர்மையானது என்பேன், அதற்குத்தான் அதிகத் திட்டு விழுந்தது என்றாலும்.

டயருக்கு இந்த வாரம் இடமில்லை. ரப்பர் இயல்பில் வெளிறிய நிறம், கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் வெள்ளை டயரோடு ஓடுகின்றன, ஆனாலும் எம்.ஆர்.எஃப். வாசலில் எல்லாம் கறுப்பு. அதை அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை உங்கள் பூத்தில் நிறத்தைச் சொல்லியே வாங்குங்கள். வாங்கியதும் பின்பக்கம் கொழுப்பு எத்தனை, மில்லி எத்தனை என்பதை மட்டும் ஒரு முறை படித்துவிடுங்கள்.