தூங்கும்போது எண்ணிய நாடி

தைராய்டு வீக்கத்தோடு அறுவைசிகிச்சை வார்டில் சேர்பவர்களின் கேஸ் ஷீட்டில் ‘ஸ்லீப்பிங் பல்ஸ்’ என்று தனியாக ஓர் எண்ணை எழுதும் வழக்கம் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு, நோயாளி நன்றாக உறங்கிவிட்டார் என்று தெரிந்ததும், அவரை எழுப்பாமல் மணிக்கட்டில் விரல் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவார்கள்.

பகலில் எண்ணினால் போதாதா? போதாது. மருத்துவமனைக்கு வந்த பதற்றத்திலேயே பலருக்கு நாடி 110-ஐத் தொட்டுவிடும். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் அதே 110. இருவருக்கும் கை நடுங்கும், இருவருக்கும் வியர்க்கும். பகலில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உறங்கினால் தெரிந்துவிடும். பதற்றக்காரரின் நாடி எழுபதுக்கு வந்துவிடும். தைராய்டுக்காரரின் நாடி தூக்கத்திலும் தொண்ணூறுக்கு மேலேயே நிற்கும். தூங்கும்போது 90-க்குக் கீழ் என்றால் லேசான பாதிப்பு, 90 முதல் 110 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

நர்ஸ் ஒருமுறை எண்ணியதை இன்றைக்கு ஸ்மார்ட் வாட்ச் இரவு முழுக்க எண்ணுகிறது. காலையில் எழுந்ததும் பலர் பார்ப்பது ‘இரவு சராசரி’ என்கிற ஓர் எண்ணை மட்டும்தான். அந்த எண்ணுக்குக் கீழேயே, விரலால் ஒருமுறை தட்டினால் வரும் வரைபடத்தை அநேகம் பேர் திறப்பதே இல்லை. விஷயம் இருப்பது அதில்தான்.

இதயத்தை அதன்போக்கில் விட்டுவிட்டால், நரம்புகளின் தலையீடே இல்லாமல், நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். அதை அறுபது எழுபதாகக் குறைத்து வைத்திருப்பது மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு. அதற்கு எதிராக, ஓடும்போதும் பயப்படும்போதும் வேகத்தைக் கூட்டுவது பரிவு நரம்புகள். உறக்கம் ஆழமாகும்போது வேகஸின் கை ஓங்குகிறது. கூடவே உடலின் உள்வெப்பநிலையும் மெல்லக் குறைந்து, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வாக்கில் அடிமட்டத்தைத் தொடுகிறது. இரண்டும் சேர்ந்து துடிப்பை இறக்குகின்றன.

நல்ல இரவு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். நாற்பத்தைந்து வயது ஆண் ஒருவர்; நோய் எதுவும் இல்லை; மாத்திரையும் இல்லை. எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பத்தரைக்கு உறங்குகிறார். கண் அசரும்போது துடிப்பு 66. நள்ளிரவில் 58 வாக்கில். இரண்டரை மணிக்கு 51, அதுதான் அன்றைய இரவின் அடிமட்டம். அங்கிருந்து மெதுவாக ஏறி, ஐந்தரைக்கு 58. குழந்தைக்குக் கட்டும் தூளியைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல நடுவில் தாழ்ந்து இருபுறமும் உயர்ந்த கோடு. இரவு சராசரி 56.

கோடு வழவழப்பாக இருக்காது. சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை கனவு உறக்கம் வந்துபோகும். அப்போது கண்மணிகள் இமைக்குள் அங்குமிங்கும் ஓட, மூச்சு சீர்கெட, இதயமும் சற்று வேகம் எடுக்கும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இந்த உறக்கத்தை முதன்முதலாக விவரித்தபோதே, துடிப்பு உயர்வதையும் குறித்து வைத்தார்கள். ஆழ்ந்த உறக்கம் இரவின் முன்பகுதியில் அதிகம், கனவு உறக்கம் விடியலை ஒட்டி அதிகம். ஆகவே பின்னிரவில் கோடு அடிக்கடி எம்பிக் குதித்தால், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

இப்போது அதே மனிதரின் இன்னொரு இரவு. நண்பர் வீட்டு விருந்து. இரண்டு லார்ஜ் விஸ்கி, பதினொரு மணிக்கு மட்டன் பிரியாணி, பன்னிரண்டுக்குப் படுக்கை. உறங்கிய முதல் மணி நேரத்தில் துடிப்பு 80. மூன்று மணிக்கும் 70. விடியும்போதுதான் 57-க்கு வருகிறது. தூளி இல்லை, இரவு முழுக்க ஒரே சரிவு. சராசரி 69.

இந்தச் சரிவின் கணக்கு எளிது. ஒரு லார்ஜ் 60 மில்லி. இங்கே விற்கும் விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்பதால், இரண்டு லார்ஜில் ஏறத்தாழ 40 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். ஆக, நான்கு முதல் ஆறு மணி நேரம் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை வேகஸின் கை தாழ்ந்தும் பரிவு நரம்புகளின் கை ஓங்கியும் இருக்கும். அதன்மேல் பிரியாணியைச் செரிக்கக் குடலுக்குக் கூடுதல் ரத்தம் போக வேண்டும். ஆழ்ந்து உறங்க வேண்டிய முன்னிரவு முழுக்க இதயத்துக்கு ஓய்வில்லை. ‘குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது’ என்பவர்களிடம் வாதாடுவதைவிட, மறுநாள் காலை அவர்கள் வாட்சை வாங்கி இந்தச் சரிவைக் காட்டிவிடலாம். பின்லாந்தில் 4,098 பணியாளர்களின் துடிப்பைப் பதிவுசெய்து 2018-ல் வெளிவந்த ஆய்வு, குறைவான அளவு மதுவே உறக்கத்தின் முதல் சில மணி நேர ஓய்வைக் குறைக்கிறது, அளவு கூடக் கூடப் பாதிப்பும் கூடுகிறது என்று காட்டியது. உடற்பயிற்சி செய்பவர்களும் தப்பவில்லை.

மூன்றாவது இரவு. விருந்து இல்லை, மது இல்லை, எட்டு மணிக்கே கஞ்சி. ஆனால் உடம்பு கதகதக்கிறது. உறங்கும்போது 74, நடு இரவில் 66, விடியலில் 70. சராசரி இதற்கும் 69தான்! ஆனால் வரைபடம் வேறு. தூளியின் வடிவம் கொஞ்சம் தட்டையானாலும் குலையவில்லை. மொத்தமாக மேலே தூக்கிக் கட்டியிருக்கிறது. காய்ச்சலின் முத்திரை இது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு எட்டு முதல் பத்து வரை ஏறும். தெர்மாமீட்டர் காட்டுவதற்கு முந்தின இரவே சிலருக்குச் சராசரி ஏறிவிடுவதும் உண்டு. டைபாய்டில் மட்டும் இந்தக் கணக்குப் பொய்க்கலாம்: காய்ச்சல் 103 பாரன்ஹீட்டில் நிற்கும், நாடி அதற்கேற்ற வேகத்தில் இருக்காது. டெங்குவிலும் இப்படி நேர்வதுண்டு. எனவே ‘வாட்ச் நார்மல்’ என்று காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது.

சராசரி ஒன்றேயானாலும், ஒன்று நேற்றைய விருந்து, மற்றொன்று நாளைய காய்ச்சல். ஓரிரவு ஏற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இப்படிக் கையெட்டும் தூரத்திலேயே இருக்கும். மே மாதத்தில் கரண்ட் போன இரவு, படுக்கப்போகுமுன் ஆடிய ஷட்டில், மூக்கடைப்புக்குப் போட்ட மாத்திரை, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சிய சால்பியூட்டமால் எல்லாமே துடிப்பை ஏற்றும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இரண்டு மூன்று துடிப்பு கூடி, விலக்கு தொடங்கியதும் இறங்கும். கருவுற்றிருந்தால் இறங்காமல் மேலும் ஏறும்.

கவனிக்க வேண்டியது வேறு வகை ஏற்றம்: ஒரே இரவில் குதிக்காமல், வாரக்கணக்கில் ஊர்ந்து ஏறுவது. சராசரி 58 இருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு மாதத்தில் 61, அடுத்த மாதம் 65, அதற்கடுத்து 69 என்று வைத்துக்கொள்வோம். உணவு நேரம் மாறவில்லை, காய்ச்சல் இல்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிலக்கில் போக்கு அதிகம். இங்கே முதலில் நினைவுக்கு வர வேண்டியது ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பும் சுமக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் எண்ணிக்கையைக் கூட்டுகிறது, உறக்கத்திலும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மூச்சு வாங்காமல் எடை குறைந்து, கை நடுங்கி, வெயிலே ஆகவில்லை என்றால் தைராய்டை நினைக்க வேண்டும்.

நீரிழிவுக்காரர்களின் வரைபடத்தில் இன்னொன்று தெரியலாம். பல ஆண்டு கட்டுப்பாடில்லாத சர்க்கரை பாத நரம்புகளை மட்டும் கெடுப்பதில்லை. உடலின் மிக நீண்ட நரம்புகளில் ஒன்றான வேகஸையும் அரிக்கிறது. அடக்கி வைக்கும் நரம்பு பலவீனமானால் துடிப்பு பகலிலும் 90, இரவிலும் 85 என்று ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். மேலும் கீழும் போகாத அந்தச் சமநிலையைப் பார்த்து ‘சீராக இருக்கிறது’ என்று திருப்தி அடைவது தவறு.

சராசரி காட்டிக்கொடுக்காத நோயும் உண்டு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கத்தில், மூச்சு நின்ற நொடிகளில் துடிப்பு இறங்கும். திணறி மூச்சிழுக்கும்போது சட்டென்று ஏறும். இரவு முழுக்க இப்படியே நடக்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சமன்செய்துவிட்டால் சராசரி அவ்வளவாக உயராது. இந்தச் சுழற்சியை 1984-ல் விவரித்தவர் உறக்க மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான கிறிஸ்டியன் கில்லெமினோ. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் வாட்சில் இது கண்ணில் படாமலே போகலாம். பக்கத்தில் படுத்திருப்பவரைக் கேட்பது மேல்.

வாட்ச் எண்ணும் முறையிலும் குறை உண்டு. அது துடிப்பைக் கேட்பதில்லை. பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்கும்போது திரும்பிவரும் ஒளி மாறுவதை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தாலோ பச்சை குத்திய இடத்தின்மேல் கட்டியிருந்தாலோ எண்ணிக்கை தப்பும். இதயம் தாளம் தவறித் துடிப்பவர்களுக்கும் தப்பும். ஒரு கம்பெனி விழித்துக் கிடந்த நேரத்தையும் சராசரியில் சேர்க்கும், இன்னொன்று சேர்க்காது. கணவனின் 54-ஐயும் மனைவியின் 62-ஐயும் ஒப்பிட்டு ஒருவர் பெருமைப்படுவதற்கு ஆதாரம் இல்லை. ஒரே வாட்சில், ஒரே ஆளின் கடந்த மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

வழக்கத்தைவிடப் பத்து துடிப்பு கூடி, காரணம் புரியாமல் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கலாம். அடிமட்டமே தொண்ணூறுக்கு மேல் நின்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் இருந்தால் வாட்ச் என்ன காட்டினாலும் அன்றைக்கே போக வேண்டும். போகும்போது ஒரு மாத வரைபடத்தையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோனால் நல்லது. அவர் எழுதித் தருவது அநேகமாக ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி. இவை எல்லாமே மாவட்டத் தலைமை மருத்துவமனையில் செய்யக்கூடியவைதான்.